"இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை" என்கிற வரி

போன மாதம் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தன் முனைவர் பட்ட முன்மொழிவைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு. களம் பற்றிய பக்கங்கள் நன்றாக இருந்தன. அவளே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவள் என்பதால், ஏலக்கடையில் யார் முதலில் கை நீட்டுவார்கள், யாருக்குக் கடன் சொல்லலாம், யாருக்குச் சொல்ல முடியாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான்காம் பக்கம் வந்ததும் அந்த வரி வந்தது. "புதுச்சேரி வட்டாரத்தில் மீன் விற்கும் பெண்கள் குறித்து இதுவரை ஆய்வு எதுவும் மேற்கொள்ளப்படவில்லை. ஆகவே இந்த ஆய்வு அவசியமாகிறது."

அந்த வரியைப் படித்ததும் தாளை மூடி வைத்துவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன்னால் ஊர்ப் பெயரும் தொழில் பெயரும் மட்டும் மாறி இதே வரியை நானும் எழுதியிருந்தேன். அதை எடுத்துக்கொண்டு ஆய்வுக் குழுவின் முன் போய் நின்ற அந்தக் காலைப்பொழுது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அவளுக்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

என் தலைப்பு, "தானே" புயலும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயிகளும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை அந்தப் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைமுறையாக நின்ற முந்திரித் தோப்பும் பலா மரங்களும் சில மணி நேரத்தில் வேரோடு சாய்ந்து கிடந்தன. அதைக் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்ததாலேயே, இதை ஆய்வு செய்ய வேண்டும் என்பதற்கு வேறு காரணம் எதுவும் தேவையில்லை என்று நம்பிவிட்டேன். என் முதல் முன்மொழிவில் நோக்கங்கள் மூன்று இருந்தன: முந்திரி விவசாயிகளின் சமூகப் பொருளாதார நிலையை அறிதல், அவர்கள் சந்திக்கும் பிரச்சினைகளைக் கண்டறிதல், தீர்வுகளைப் பரிந்துரைத்தல். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் எந்த மாவட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினாலும் இந்த மூன்றும் இதே வரிசையில் வந்து நிற்கும்.

அந்தத் தளத்தில் "கடலூர்", "முந்திரி", "தானே" என்று தேடி, மூன்றும் சேர்ந்த ஆய்வேடு ஒன்றும் கண்ணில் படாததை, முன்னாய்வுகள் விட்டுவைத்த இடைவெளியாக எழுதியிருந்தேன். எழுதியபோது அதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை.

குழுவில் கேட்ட கேள்வி

குழுவுக்கு வெளியிலிருந்து வந்திருந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். என் பேச்சு முடியும் வரை ஒரு குறிப்பும் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"புயல் பாதிப்பு பத்தி வேற ஊர்ல ஆய்வு இருக்காம்மா?"

"நிறைய இருக்கு சார். ஒடிசாவுல இருக்கு, நாகப்பட்டினத்துல இருக்கு."

"அதுல பொதுவா என்ன வந்திருக்கு?"

சொன்னேன். சொந்த நிலமும் கடன் வாங்க வழியும் உள்ளவர்கள் சீக்கிரம் மீள்கிறார்கள். நிவாரணம் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகிறது. குத்தகைக்கு எடுத்தவர்களும் கூலிக்குப் போகிறவர்களும் பின்தங்குகிறார்கள்.

"சரி. அது கடலூர்ல வேற மாதிரி இருக்கும்னு நினைக்கிறதுக்கு உங்ககிட்ட என்ன காரணம் இருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "காரணம் இல்லன்னா அங்க வந்த முடிவேதான் இங்கயும் வரும்னு நான் எடுத்துக்கலாம்ல? அப்ப நீங்க மூணு வருஷம் உழைச்சு எனக்குச் சொல்லப்போற புதுச் செய்தி என்ன?" என்று கேட்டார். குரலில் கடுமையே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். மூன்று மாதம் கழித்துத் திருத்தி எடுத்து வாருங்கள் என்று முடித்துவிட்டார்கள்.

அன்று புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பேருந்தில் வரும்போது முதலில் கோபம்தான் இருந்தது. என் ஊர் மக்கள் பட்ட பாட்டை எழுதுவதற்கு ஒரு காரணம் கேட்கிறாரே என்று. அரியாங்குப்பம் தாண்டும்போது கோபம் கொஞ்சம் ஆறி, அந்தக் கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. அவர் துயரத்தைக் குறைத்துப் பேசவில்லை. ஒரு ஊரில் ஆய்வு நடக்காதது வேறு, ஒரு விஷயம் தெரியாமல் இருப்பது வேறு. நான் முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதைக் காட்டியதாக நினைத்திருந்தேன். வரைபடத்தில் ஆய்வு நடக்காத தாலுகாக்கள் எத்தனையோ இருக்கும். அங்கெல்லாம் நமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. பக்கத்துத் தாலுகாவில் தெரிந்ததை வைத்தே பெரும்பாலும் சரியாக ஊகித்துவிடலாம். அந்த ஊகம் எங்கே பொய்யாகக்கூடும் என்று காரணத்தோடு காட்ட முடிந்தால்தான் அது இடைவெளி.

ஒரு நீள நோட்டு

என் நெறியாளர் மேடம் ஒரு வேலை கொடுத்தார். படித்த கட்டுரைகளை ஒவ்வொன்றாகச் சுருக்கி எழுதுவதை நிறுத்திவிட்டு, நீள நோட்டில் கட்டம் போடச் சொன்னார். ஒரு கட்டுரைக்கு ஒரு வரி. எந்த இடம், என்ன தொழில் அல்லது பயிர், யாரிடம் கேட்டார்கள், புயலுக்குப் பின் எத்தனை மாதம் கழித்துக் கேட்டார்கள், "மீட்சி" என்று எதைச் சொன்னார்கள் என்று ஐந்து பத்தி. "முடிவை மட்டும் எழுதாதே. அந்த முடிவுக்கு எப்படி வந்தாங்கன்னு எழுது" என்றார்.

இரண்டு வாரத்தில் 42 வரிகள் சேர்ந்தன. முதல் பத்தியில் கடலூர் அரிதாகத்தான் வந்தது. அதில் இனி எனக்கு வேலை இல்லை. நான்காம் பத்தியை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தபோதுதான் கண் நின்றது. ஆறு மாதம், பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து நான்கு. நான் படித்தவற்றில் பெரும்பாலானவை மூன்று ஆண்டுக்குள் முடிந்திருந்தன. நிதி உதவியும் பட்டப் பதிவும் ஓடுகிற வேகம் அப்படி. இரண்டாம் பத்தியில் நெல், காய்கறி, மீன்பிடிப் படகு. நெல் அடுத்த பருவத்தில் திரும்ப வரும். படகு வாங்கிவிட்டால் மறுநாள் கடலுக்குப் போகலாம். அந்தத் தொழில்களுக்கு மூன்று ஆண்டு தாராளம்.

முந்திரிக்கு அது போதாது. ஒட்டுக்கன்று நட்டால் மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்க்க ஆரம்பிக்கும். நம்பிக் குடும்பம் நடத்துகிற அளவுக்கு விளைச்சல் வர ஏழு எட்டு ஆண்டாகும். மூன்றாம் ஆண்டு முடிவில் போய்க் கேட்டால் "கன்று நட்டிருக்கிறேன்" என்பார்கள். கேட்டவரும் மீண்டுவிட்டார் என்று குறித்துக்கொண்டு வந்துவிடுவார். அவர் அந்தத் தோப்பை வைத்துக்கொண்டாரா, வெட்டிவிட்டுச் சவுக்குப் போட்டாரா, நிலத்தையே விற்றாரா என்பதெல்லாம் அதற்கப்புறம் நடப்பவை.

அந்த வாரமே கடம்புலியூர்ப் பக்கம் போனேன். முன்பு கேள்வித்தாளோடு போய் வந்த ஒரு வீடு. திண்ணையில் அந்த அம்மா கைகளில் சாம்பலைத் தடவிக்கொண்டு கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஓட்டுப் பால் பட்ட விரல் நுனிகள் கருத்து, தோல் உரிந்திருந்தன. உடைக்கிற கொட்டை அவர்கள் தோப்பில் விளைந்தது அல்ல, ஆலைக்காரர் கொடுத்தது. அதில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது என்று சொன்னார். இந்த முறை நான் கேள்வித்தாளை எடுக்கவில்லை. மரம் விழுந்ததிலிருந்து திரும்பக் காய்க்கிற வரைக்கும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். "அதுவா பாப்பா" என்று கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரம் பேசினார். பெரிய மகன் நெய்வேலியில் ஒப்பந்த வேலைக்குப் போனது, சின்னவன் படிப்பை நிறுத்தியது, மூன்றாம் ஆண்டில் கன்றுகளைப் பிடுங்கிவிட்டுச் சவுக்குப் போடலாமா என்று வீட்டுக்காரரோடு ஒரு மாதம் நடந்த சண்டை. கடைசியில் பிடுங்காததற்குக் காரணம் மகனின் சம்பளம். பக்கத்துத் தோப்புக்காரருக்கு இவர்களைவிட நிலம் அதிகம். ஆனால் மாதம் பணம் அனுப்ப ஆள் இல்லை. அவர் சவுக்குக்குப் போய்விட்டார்.

பேராசிரியர் கேட்ட காரணம் எனக்கு அந்தத் திண்ணையில்தான் கிடைத்தது. நிலம் அதிகமிருந்தால் சீக்கிரம் மீள்வார்கள் என்பது மற்ற ஆய்வுகளின் முடிவு. போதிய வருமானம் இல்லாத ஏழு ஆண்டைக் கடக்க வேண்டிய பயிரில் அது மாறக்கூடும். நிலத்தின் அளவைவிட, தோப்புக்கு வெளியிலிருந்து மாதாமாதம் வரும் பணம் முக்கியமாகிவிடலாம். ஒரு வீட்டையும் பக்கத்து வீட்டையும் வைத்து இதை முடிவாகச் சொல்ல முடியாது. கேள்வியாகக் கேட்பதற்கு இது போதும்.

இடைவெளியைச் சோதித்தது

உடனே எழுத உட்கார்ந்துவிடவில்லை. மேடம் விடவில்லை. "இது இடைவெளியா, இல்ல நீ படிக்காததா?" என்றார். நான் அதுவரை முந்திரி என்றே தேடிக்கொண்டிருந்தேன். இப்போது என் கேள்வி முந்திரியைப் பற்றியது மட்டுமில்லை. நட்டபின் காத்திருக்க வேண்டிய எந்த மரப்பயிருக்கும் அது பொருந்தும். ஆகவே தேடுசொற்களை மாற்றினேன். 2018 கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்த தென்னை, வெளிநாடுகளில் புயலில் அழிந்த காபித் தோட்டங்கள் என்று தேடினேன். காபித் தோட்டங்களைப் புயலுக்குப் பின் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் கிடைத்தன. முதலில் வயிற்றைக் கலக்கியது, என் கேள்விக்கு ஏற்கெனவே பதில் வந்துவிட்டதோ என்று. படித்துப் பார்த்தால், எனக்குக் கிடைத்தவை மரத்தையும் தோட்டத்தையும் பார்த்திருந்தன. எவ்வளவு பிழைத்தது, எவ்வளவு மறுநடவு ஆனது என்று. காத்திருந்த காலத்தில் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிட்டது, அது மறுநடவு முடிவை எப்படி மாற்றியது என்பதற்கு அவை போகவில்லை. ஆக, "மரப்பயிர் மீட்சி பற்றி நீண்டகால ஆய்வே இல்லை" என்று நான் எழுத நினைத்திருந்த வரி பொய்யாகியிருக்கும். இடைவெளி சின்னதானது. ஆனால் யாராலும் தள்ள முடியாத அளவுக்குத் திட்டவட்டமானது.

கடலூரின் இடமும் இப்போது மாறியது. முதல் வரைவில் இடைவெளி என்பதே கடலூர்தான். இப்போது இடைவெளி வேறெங்கோ இருந்தது, அதைப் பார்க்கக் கடலூர் தோதான இடம். ஒரே நாளில் ஒரு வட்டாரமே தோப்பை இழந்தது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முந்திரியா சவுக்கா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. புயலுக்கும் ஆய்வுக்கும் நடுவே பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் அந்த முடிவு என்ன ஆனது என்றும் தெரியும். இதைத்தான் முன்மொழிவில் களத் தேர்வுக்குக் காரணமாக எழுதினேன்.

பிரச்சினைக் கூற்று நான்கு வாக்கியத்தில் முடிந்தது. ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததை இழுத்துக்கொண்டு வர வேண்டும் என்பதற்காக ஒன்பது முறை எழுதினேன்:

"புயலுக்குப் பின் குடும்பங்கள் மீள்வதை நில அளவும் கடன் வசதியும் தீர்மானிப்பதாக முன்னாய்வுகள் காட்டுகின்றன. இம்முடிவு, ஒரே பருவத்தில் திரும்பப் பயிரிடக்கூடிய வேளாண்மையையும் படகு கிடைத்ததும் தொடங்கக்கூடிய மீன்பிடிப்பையும் பெரும்பாலும் அடிப்படையாகக் கொண்டது. முந்திரி போன்ற மரப்பயிரில் கன்று நட்ட பின்னும் பல ஆண்டுகள் வருமானம் இல்லாததால், அக்காலத்தைக் கடக்க நில அளவைவிட வெளி வருமானம் முக்கியமாக இருக்கக்கூடும்; இது ஆராயப்படவில்லை. இது தெரியாத வரை, நில அளவைக் கணக்கிட்டுக் கன்று வழங்கும் மறுநடவுத் திட்டங்கள் யாரைத் தோப்புக்குத் திருப்பும், யாரைத் திருப்பாது என்று சொல்ல இயலாது."

இதிலிருந்து கேள்வி தானாக வந்தது. காய்ப்பில்லாத ஆண்டுகளைக் குடும்பங்கள் எந்த வருமானத்தால் கடந்தன? ஒரே அளவு நிலமுள்ள குடும்பங்களில், வெளி வருமானம் இருந்தவர்கள் முந்திரியைத் தக்கவைத்தது இல்லாதவர்களைவிட அதிகமா? இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வரவும் இடமிருக்கிறது. அப்படி வந்தால் மரப்பயிரிலும் வெளி வருமானம் பழைய முடிவை மாற்றவில்லை என்று சொல்லலாம். அதுவும் அதுவரை தெரியாத செய்திதான். என் முதல் வரைவின் "பிரச்சினைகளைக் கண்டறிதல்" என்பதற்கு இந்தக் குணம் இல்லை. போனால் ஏதாவது பிரச்சினை கிடைக்கத்தான் செய்யும். எந்தப் பதில் வந்தாலும் நோக்கம் நிறைவேறியதாகிவிடும்.

கையால் மறைத்துப் படித்தது

எழுதிவிட்ட பிறகு இடைவெளி எனக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரிகிறதா என்று எப்படி அறிவது? மேடம் சொன்ன வழி எளிமையானது. கேள்விகள் இருக்கும் பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு, துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் பிரச்சினைக் கூற்றை மட்டும் படிக்கக் கொடுக்க வேண்டும். அடுத்து என்ன கேள்வி வரும் என்று அவர் சொல்ல வேண்டும். விடுதியில் என் அறைத்தோழி வேதியியல் படித்தவள். எட்டாவது வரைவை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நிவாரணப் பணம் சரியான ஆளுக்குப் போச்சான்னு கேக்கப் போற, அதானே?" என்றாள்.

அவள்மேல் தவறில்லை. அந்த வரைவின் கடைசி வாக்கியம் குத்தகைக்காரர்களுக்கு இழப்பீடு கிடைக்காததைப் பற்றியது. மனசு கேட்காமல் நான் சேர்த்த வாக்கியம் அது, உண்மையும்கூட. ஆனால் பத்தியின் கடைசியில் நிற்பதைத்தான் படிப்பவர் பிடித்துக்கொள்கிறார். அதை எடுத்துக் களப் பின்னணிக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் கழித்து வேறொரு தோழியிடம் ஒன்பதாவதைக் கொடுத்தபோது, "நிலம் முக்கியமா, வெளி வருமானம் முக்கியமான்னு பாக்கப் போறியா?" என்றாள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

கேள்வி சரியானபோது இன்னொன்றும் சரியானது. முதல் வரைவில் நேர்காணலுக்கு ஆட்களை இப்போதைய முந்திரி விவசாயிகள் பட்டியலிலிருந்து எடுப்பதாக எழுதியிருந்தேன். அப்படி எடுத்திருந்தால் தோப்பை விட்டுப் போனவர் ஒருவர்கூட என் ஆய்வில் இருந்திருக்க மாட்டார். தக்கவைத்தவர்களை மட்டும் கேட்டு, தக்கவைத்ததற்கு என்ன காரணம் என்று எழுதியிருப்பேன். ஆகவே எந்த நிலத்தில் என்ன பயிர் என்று குறிக்கும் கிராமப் பதிவேடான அடங்கலில், புயலுக்கு முன் முந்திரி என்று பதிவான சர்வே எண்களிலிருந்து தொடங்கி, இன்று அந்த நிலம் யாரிடம் இருக்கிறது, அதில் என்ன நிற்கிறது என்று தேடிப் போவதாக மாற்றினேன். பத்தாண்டு பழைய நினைவை மட்டும் நம்ப முடியாது என்பதால், எந்த ஆண்டு முந்திரி, எந்த ஆண்டு சவுக்கு என்பதைக் கூகுள் எர்த்தின் பழைய படங்களோடு ஒப்பிடுவது என்றும் சேர்த்தேன். ஊரை விட்டே போனவர்களில் சிலரைக் கண்டுபிடிக்க முடியாது. அதையும் முன்மொழிவிலேயே எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து அதே பேராசிரியர் வந்திருந்தார். இந்த முறை நான் பாதி பேசுவதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார். சவுக்கு விலை அந்த ஆண்டுகளில் எப்படி இருந்தது, விலை ஏறியதால் மாறினார்களா, பணமில்லாமல் மாறினார்களா, இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டார். கஷ்டமான கேள்வி. அரை மணி நேரம் அதையே பேசினோம்.

அந்தப் பெண்ணின் முன்மொழிவுக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவளை வரச்சொல்லி, மீன் விற்கும் பெண்கள் பற்றி மற்ற ஊர்களில் வந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டேன். "பெண்களுக்கு ஏலத்துல கடன் கிடைக்காது, அதனால வட்டிக்காரங்ககிட்ட போறாங்கன்னு வந்திருக்குக்கா" என்றாள். உன் குப்பத்திலும் அப்படித்தானா என்றேன். யோசித்தாள். "எங்க அம்மாவுக்கு ஏலக்காரர் கடன் குடுப்பாரே. அப்பாவோட படகு மீன் அவர்கிட்டதான் போகும். அப்பா இறந்ததுக்கப்புறம் நிறுத்திட்டாரு."

சொல்லி முடித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் பையிலிருந்து பேனாவை எடுத்து, நான்காம் பக்கத்தில் அந்த வரியை அடித்தாள். அடித்த இடத்துக்கு மேலே "படகு இல்லாத வீட்டுப் பெண்கள்" என்று மட்டும் எழுதினாள். மீதி வாக்கியம் இன்னும் வரவில்லை. இந்த வாரம் நீள நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.